சுவர் முடியும் இடமும் படுக்கை முடியும் இடமும்



ஒரே அறைதான் வீடு என்றால் அதற்குள்ளேயே படுக்க வேண்டும், சாப்பிட வேண்டும், யாராவது வந்தால் உட்கார வைத்துப் பேச வேண்டும். நடுவில் சுவர் எழுப்பினால் இருக்கிற ஒற்றை ஜன்னலின் வெளிச்சம் ஒரு பக்கத்துக்குப் போய்ச் சேராது. அலமாரியைத் தடுப்பாக வைத்தால் ஒன்றரை அடித் தரை போய்விடும். மடக்குத் தட்டி வைத்தால் ஒரு மாதத்தில் அதன்மேல் துண்டு காயும். தரையில் அரை அங்குலம்கூட எடுத்துக்கொள்ளாமல் ஓர் இடத்தை இன்னோர் இடத்திலிருந்து பிரித்துக் காட்டக்கூடிய பொருள் பெயின்ட் ஒன்றுதான். அதை வைத்து மட்டும் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

பெயின்ட் கடைக்குப் போய் “ஒரே ரூம், கொஞ்சம் பிரிச்சுக் காட்டணும்” என்று சொல்லிப் பாருங்கள். “ஒரு சுவத்துக்கு மட்டும் டார்க் அடிச்சுடுங்க” என்பார்கள். நம் ஊரில் இது இப்போது வழக்கமாகிவிட்டது. மூன்று சுவர் வெள்ளை, ஒரு சுவர் ஊதா. அழகாக இருக்கலாம், ஆனால் அறையைப் பிரிக்குமா என்று கேட்டால், பிரிக்காது. பன்னிரண்டு அடிச் சுவர் முழுக்க ஊதா அடித்தால் அது அந்தச் சுவரைத்தான் காட்டும். அதை ஒட்டிக் கிடக்கும் ஐந்தடிக் கட்டிலுக்கும் அந்த ஊதாவுக்கும் உறவு இருக்காது. நிறம் மூலையில் தொடங்கி மூலையில் முடிகிறவரை, நம் கண் அதைச் சுவரின் நிறமாகவே எடுத்துக்கொள்ளும். ஓர் இடத்தின் நிறமாக அது மாற வேண்டுமென்றால் இரண்டு காரியம் நடக்க வேண்டும். நிறம் மூலையைத் தாண்டி அடுத்த சுவருக்கோ மேல்தளத்துக்கோ திரும்ப வேண்டும். பிறகு, எந்த மூலையும் இல்லாத வெறும் சுவரின் நடுவில், படுக்கை இடத்தின் எல்லை முடிகிற அதே கோட்டில், நிற்க வேண்டும். இன்றைக்கு நான் சொல்லப்போவதெல்லாம் இந்த இரண்டுக்குள் அடக்கம்.

இதை முதலில் துணிந்து செய்து பார்த்தவர்களில் நெதர்லாந்தின் கெரிட் ரீட்வெல்ட் முக்கியமானவர். ஊட்ரெக்ட் நகரில் 1924இல் ட்ரூஸ் ஷ்ரோடர் என்ற பெண்ணுக்காக அவர் ஒரு வீடு கட்டினார். ஷ்ரோடர் கணவரை இழந்தவர், மூன்று பிள்ளைகளின் தாய். மாடி முழுவதும் ஒரே வெளியாக இருக்க வேண்டும் என்று கேட்டவர் அவர்தான். அறைகள் இல்லாத மாடியைக் கட்டட விதிகள் ஏற்காது என்பதால், வரைபடத்தில் அந்த மாடியைப் பரண் என்று எழுதி அனுமதி வாங்கினார்கள். மாடியில் நகரும் தடுப்புகள் உண்டு. அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டால் எஞ்சுவது ஒரு கூடம். அதன் தரையில் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, சாம்பல் என்று பரப்புகள். தரையில் நிறம் மாறும் இடத்தில் சுவர் கிடையாது. ஆனாலும் ஒரு பரப்பிலிருந்து அடுத்ததில் கால் வைக்கும்போது வேறோர் இடத்துக்கு வந்துவிட்டோம் என்று தெரியும். ஷ்ரோடர் 1985இல் இறக்கும்வரை அந்த வீட்டில்தான் இருந்தார். 2000இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

இந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிவப்பு, நீலம், மஞ்சள் என்ற மூன்று முதன்மை நிறங்களைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அங்கே பெரும்பகுதி வெள்ளையும் சாம்பலும்தான். நிறம் கொஞ்சமாக, வேலை உள்ள இடத்தில் மட்டும் இருக்கிறது. இன்னொன்று, ராத்திரி ஆனால் அந்த வீட்டில் இருந்தவர்கள் தடுப்பை இழுத்து மூடிக்கொள்ளவும் செய்தார்கள். நிறத்தால் முடியாதது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது நம் ஊர் அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சென்னையின் தெற்கே, வேலைக்குப் போகும் கணவன் மனைவி இருவர் மட்டும் இருக்கிற ஸ்டூடியோ வீடு. நீளம் இருபது அடி, அகலம் பன்னிரண்டு அடி, உயரம் ஒன்பதரை. மேற்குக் குறுஞ்சுவரின் நடுவில் வாசற்கதவு. எதிரே கிழக்கில், தெற்கோரமாக ஐந்தடி அகலத்துக்குப் பால்கனிக் கதவு. அதற்கு வடக்கே ஏழடிச் சுவர். சமையல் மேடை தெற்குச் சுவரில், வாசலிலிருந்து முதல் ஆறடிக்கு. குளியலறை இந்தக் கணக்குக்கு வெளியே. தரை முழுக்க ஒரே வெளிர் பழுப்பு டைல்ஸ். அதை மாற்ற வழியில்லை.

எது எங்கே என்பதை நிறம் தீர்மானிக்காது, வாசல்தான் தீர்மானிக்கும். கேஸ் கொடுக்க வருகிறவர், பார்சல் கொடுக்க வருகிறவர் எல்லாரும் வாசலில் நின்று உள்ளே பார்ப்பார்கள். ஆகவே சாப்பாடு வாசலுக்குப் பக்கம், சமையல் மேடைக்கு எதிரே. நடுவில் உட்காரும் இடம். கடைசியில், வடகிழக்கு மூலையில், கட்டில். தலைமாடு வடக்குச் சுவரில் வந்ததற்காக அந்தப் பெண்ணின் அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தார். வடக்கே தலை வைத்துப் படுப்பார்களா என்றார். அவர் கேட்டது நியாயம்தான். கட்டிலை அப்படியே திருப்பி, தலைமாட்டைக் கிழக்குச் சுவருக்குக் கொண்டுபோனோம். கட்டில் ஐந்துக்கு ஆறரை. இரண்டு சுவரும் சேரும் மூலையில் அது எப்படிக் கிடந்தாலும் நிறத்தின் எல்லையில் பெரிய மாற்றம் வராது. மூலையைச் சுற்றிக்கொண்டு நிறம் வைப்பதில் கிடைக்கும் வசதி இது. ஒரே சுவரில் அடித்திருந்தால் மறுபடியும் பெயின்டரைக் கூப்பிட வேண்டியிருந்திருக்கும்.

சரி, கட்டிலுக்கு அடர்நீலம். வடக்குச் சுவரில் மூலையிலிருந்து எட்டடி, கிழக்குச் சுவரில் பால்கனிக் கதவின் சட்டம் வரைக்கும் உள்ள ஏழடி, பிறகு இந்த இரண்டுக்கும் மேலே, மேல்தளத்தில் எட்டுக்கு ஏழு அடிச் செவ்வகம் ஒன்று. மூன்று பரப்பும் ஒரே நீலம். மேல்தளத்தில் எதற்கு என்று கேட்பீர்கள். படுத்திருக்கிறவர் பார்ப்பது மேல்தளத்தை. சுவரில் மட்டும் அடித்தால் நிற்கிறவருக்குத்தான் அது எல்லை. படுத்தவருக்குப் பழைய பொது அறைதான் தலைக்கு மேலே விரிந்து கிடக்கும். மேலே நிறம் வந்ததும் அந்த இடத்தில் மேல்தளம் ஓரடி இறங்கியதுபோல் தோன்றும். படுக்கைக்கு அது நல்லது. நிற்கிற இடத்தில் அதுவே மூச்சு முட்டும். அதனால்தான் மேல்தள நிறத்தை அறையின் மற்ற எந்த இடத்திலும் நான் பயன்படுத்துவதில்லை.

சாப்பிடும் இடத்தின் கணக்கு வேறு. வடக்குச் சுவரின் மேற்கு ஓரத்தில் சுவரோடு மடங்கும் மேசை, இரண்டு நாற்காலி. சாப்பிடுகிறவர் மேலே பார்ப்பதில்லை. அவருடைய பார்வை தட்டுக்கும் எதிரில் இருப்பவரின் முகத்துக்கும் நடுவில்தான் போய்வரும். ஆகவே அங்கே நிறம் தரையிலிருந்து இடுப்புக்குச் சற்று மேல்வரை போதும். பழைய பள்ளிக்கூடங்களிலும் தாலுகா ஆபீசிலும் கீழ்ப்பாதிக்கு ஆயில் பெயின்ட் அடித்திருப்பார்களே, அதே பட்டை. நான்கடி என்று முதலில் நினைத்தேன். ஆனால் அந்தச் சுவரின் சுவிட்ச் போர்டு சரியாக நான்கடியில் தொடங்கியது. நிறக்கோடு போர்டின் கீழ் விளிம்பை உரசிக்கொண்டு போனால், அது தற்செயலாக நேர்ந்ததுபோல் இருக்கும். போர்டின் நடுவே போனால் இன்னும் மோசம். மூன்றே முக்கால் அடிக்கு இறக்கினோம். நாற்காலியின் முதுகு மூன்றடிதான், அது நிறத்துக்குள் அடங்கிவிடுகிறது. வடக்குச் சுவரில் ஆறடி, மூலை திரும்பி மேற்குச் சுவரில் வாசற்சட்டம் வரை நான்கடி. நிறம் மஞ்சள் காவி. சோற்றுக்குப் பக்கத்தில் பச்சையோ நீலமோ பெரிதாக வைக்காதீர்கள். பக்கத்துச் சுவரின் நிறம் வெளிச்சத்தோடு சேர்ந்து தட்டில் விழும். பச்சைச் சுவர் ஓரம் உட்கார்ந்தால் வெள்ளைச் சோறு வெளிறிப் பச்சை தட்டியிருக்கும். காவி அதே வேலையைச் செய்தால் சாம்பார் சூடாகத் தெரியும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். வடக்குச் சுவர் இருபதடி. எட்டு நீலம், ஆறு காவி, நடுவில் மிச்சம் ஆறு. அந்த ஆறடியில் எந்த நிறமும் வைக்கவில்லை. அறை முழுக்க உள்ள வெண்மைதான் அங்கேயும். மூன்று இடத்துக்கு மூன்று நிறம் வேண்டும் என்று நினைப்பதில்தான் பலருடைய அறை கெடுகிறது. இரண்டை அடையாளம் காட்டிவிட்டால் நடுவில் மிஞ்சுவது தானே மூன்றாவதாகிவிடும். உட்காருகிறவர் தெற்குச் சுவர் ஓரத்து சோபாவில் வடக்கே பார்த்து உட்காருவார். இடது கைப்பக்கம் காவி, வலது கைப்பக்கம் நீலம், நேரே வெண்மை. அவருக்குக் காலடியில் மட்டும் ஒன்று வேண்டும். ஆறுக்கு நான்கடியில் ஒரு பவானி ஜமுக்காளம் போட்டோம், சிவப்புக் கோடு போட்டது. அறையின் தரையில் நாங்கள் சேர்த்த ஒரே நிறம் அதுதான். சோபாவின் முன்கால் இரண்டும் அதன்மேல் ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் தனியாகக் கிடந்தால் காயப்போட்டதுபோலத் தெரியும்.

ஆக, படுக்கைக்கு நிறம் தலைக்கு மேல், சாப்பாட்டுக்கு முழங்கை மட்டத்தில், உட்காருவதற்குப் பாதத்தடியில். மூன்றும் வேறு வேறு உயரத்தில் இருப்பதால், ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில்லை.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு வருவோம். இங்கேதான் பலரும் பெயரைப் பார்த்து ஏமாறுகிறார்கள். இளநீலம், இளஞ்சிவப்பு, இளம்பச்சை என்று மூன்றை எடுத்து, மூன்றும் வேறு நிறம்தானே என்பார்கள். பகல் பதினொரு மணிக்கு வேறாகத்தான் தெரியும். சாயங்காலம் ஆறரைக்குப் போய்ப் பாருங்கள், மூன்றும் ஒரே மங்கல். ஒரு பரப்பின் விளிம்பைப் பிடிப்பதற்கு நம் கண் நிறத்தைவிட வெளிர்மை, அடர்மை வேறுபாட்டைத்தான் அதிகம் நம்புகிறது. சோதிப்பது சுலபம். ஷேட் கார்டில் நீங்கள் எடுத்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போனில் படம் எடுங்கள், படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். இரண்டு சதுரத்துக்கு நடுவில் கோடு காணாமல் போனால், அந்த இரண்டும் அறையைப் பிரிக்காது.

இதற்கு எண்ணும் இருக்கிறது. ஒரு பெயின்ட் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதைப் பல கம்பெனிகள் ஒவ்வொரு ஷேடுக்கும் வெளியிடுகின்றன. ஒளித்திருப்பு எண் என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டனில் பார்வை குறைந்தவர்கள் சுவரையும் கதவையும் பிரித்தறிய, இரண்டுக்கும் இந்த எண்ணில் முப்பது வித்தியாசம் வேண்டும் என்று கட்டடத் தரக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அதையே கடன் வாங்கிக்கொண்டேன். நம் அறையின் வெண்மை எண்பதை ஒட்டியது, காவி நாற்பத்தைந்தை ஒட்டியது, நீலம் பன்னிரண்டை ஒட்டியது. எந்த இரண்டுக்கு நடுவிலும் முப்பதுக்கு மேல். கரன்ட் போய் மெழுகுவத்தி ஏற்றினாலும் மூன்று இடமும் மூன்றாகவே இருக்கும்.

அடர்நிறம் அறையை இருட்டாக்காதா என்ற கேள்வி வரும். எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வைத்தால் இருட்டாக்கும். உள்ளே வரும் வெளிச்சம் முதலில் போய் முட்டுவது அங்கேதான், அதைத் திருப்பி அனுப்ப வேண்டிய சுவர் விழுங்கிவிடும். இங்கே ஜன்னலின் வேலையைச் செய்வது பால்கனிக் கதவு, அதற்கு எதிர்ச்சுவர் மேற்கு. அதன் மேல்பாதி முழுக்க வெண்மை. நீலம் வெளிச்சம் வரும் கிழக்குச் சுவரிலேயே இருக்கிறது. அதிலும் ஒரு விலை உண்டு. பகலில் பால்கனி வெளிச்சமும் அதை ஒட்டிய அடர்நீலமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கண் கூசும். கதவுச் சட்டத்தை வெள்ளையாகவே விட்டு, வெளிர்நிறத் திரை போட்டதும் அது தணிந்தது. தெற்கோ மேற்கோ பார்த்த பால்கனியாக இருந்தால் நான் அந்தச் சுவரில் அடர்நிறம் வைத்திருக்க மாட்டேன், வடக்குச் சுவரோடும் மேல்தளத்தோடும் நிறுத்தியிருப்பேன்.

கட்டிலுக்கு ஏன் நீலம், கருஞ்சிவப்பு ஏன் இல்லை? நீலம் தூக்கம் வரவைக்கும் என்றெல்லாம் சொல்வார்கள், அந்த வம்பில் நான் இறங்கவில்லை. எனக்கு அதைவிட உறுதியான காரணம் ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புர்க்கின்யே என்ற செக் நாட்டு உடலியல் அறிஞர் ஒன்றைக் கவனித்தார். வெளிச்சம் குறையக் குறைய, பகலில் பளிச்சென்று இருந்த சிவப்பு முதலில் கறுத்துப்போகிறது. நீலமும் பச்சையும் அந்த அளவு கறுப்பதில்லை. மங்கிய ஒளியில் கண் வேறு செல்களைப் பயன்படுத்துவதால் வரும் விளைவு இது. தெருவிளக்கு மட்டும் கசியும் ராத்திரி அறையில் கருஞ்சிவப்பு மேல்தளம் தலைக்கு மேல் ஒரு கறுப்புக் குழியாகிவிடும். நீலம் சாம்பலாக மெலிந்து நிற்கும். படுக்கை இடம் அதிகம் பயன்படும் வெளிச்சத்தில் அது எப்படித் தெரியும் என்று பார்த்துத்தான் நிறம் எடுக்க வேண்டும். “கூரையில கரியப் பூசினமாதிரி இருக்கே” என்று பகலில் வந்து பார்த்த அந்தப் பெண்ணின் அம்மா சொன்னார். ராத்திரி தங்கிவிட்டுப் போனபிறகு ஒன்றும் சொல்லவில்லை. அது சம்மதமா சலிப்பா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

விளக்கையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வெளிச்சம் மாறினால் நீங்கள் வாங்கிய நிறம் மாறிவிடும். நம் வீடுகளில் பெரும்பாலும் வெள்ளை வெளேரென்று 6500 கெல்வின் டியூப்லைட். அதன் கீழே மஞ்சள் காவி களிமண் நிறத்துக்குப் போய்விடும். மஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வின் பல்பின் கீழே அதே காவி உயிர்பெறும், ஆனால் நீலம் மந்தமாகும். கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் ஷேட் எடுப்பதால்தான் இத்தனை வருத்தம். இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இரண்டு கோட்டு அடித்து, அந்த அட்டையை அந்தந்த இடத்தில் சாய்த்து வைத்துக் காலை, மதியம், விளக்கு வைத்த பிறகு என்று மூன்று வேளை பாருங்கள். சுவரிலேயே திட்டுத்திட்டாக அடித்துப் பார்க்க வேண்டாம், பக்கத்து நிறம் கண்ணை ஏமாற்றும். அட்டையில் பிடித்துப்போன நிறத்துக்கு ஒரு படி சாம்பல் கூடியதை எடுங்கள். ஒரு மூலையில் இரண்டு சுவரும் ஒன்றின் நிறத்தை இன்னொன்றின்மேல் எறிந்துகொள்ளும், அதனால் பெரிய பரப்பில் எந்த நிறமும் அட்டையில் இருந்ததைவிடக் கூடுதலாகத்தான் தெரியும்.

இனி அடிப்பது. சுவரில் ஓதமோ உப்புப் பூத்தலோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். வெள்ளைச் சுவரில் உப்புத் தெரியாது, அடர்நீலத்தில் முதல் மழைக்கே வெள்ளையாகப் பூத்து நிற்கும். பட்டி பார்த்த குறையும் அப்படித்தான். சுவரை ஒட்டி டார்ச் அடித்துப் பார்த்து, மேடுபள்ளத்தை உப்புத்தாளில் தேய்த்த பிறகே பிரைமர்.

அளவு பார்ப்போம். வடக்கில் எட்டுக்கு ஒன்பதரை, எழுபத்தாறு சதுர அடி. கிழக்கில் ஏழுக்கு ஒன்பதரை, அறுபத்தாறரை. மேல்தளம் ஐம்பத்தாறு. மொத்தம் ஏறக்குறைய இருநூறு. நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்குச் சுமார் நூற்றிருபது சதுர அடி வரும். அடர்நிறத்துக்கு மூன்றாவது கோட்டு இல்லாமல் ரோலர் தடம் மறையாது. ஆக இரண்டரை லிட்டர் செலவாகும், மூன்று லிட்டர் வாங்க வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் வாங்கி, ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிவிடுங்கள். மிஷினில் கலக்கும் நிறம் டப்பாவுக்கு டப்பா துளி மாறும். சுவரின் நடுவில் டப்பா மாறினால் அந்த இடம் தெரிந்துவிடும். நீலத்துக்கு மேட் எடுத்தோம், மேல்தளத்தில் பளபளப்பு இருந்தால் விளக்கு அதில் முகம் பார்க்கும். காவிக்கு அழுத்தித் துடைக்கக்கூடிய சாட்டின். அது முப்பத்தேழரைச் சதுர அடிதான், ஒரு லிட்டர் வாங்கிப் பாதியை மூடி வைத்துக்கொள்ளலாம். ரசம் தெறிக்கிற இடம், தேவைப்படும்.

பெயின்டர் அனுபவசாலி. வடக்குச் சுவரில் நான் எட்டடியில் பென்சிலால் குறி வைத்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மேடம், மூலைல நிறுத்திக்கலாமே? இது பாதியில விட்ட மாதிரி தெரியும்.”

“படுக்கை இடம் எங்க முடியுதுண்ணே?”

“இதோ, இந்தக் கணக்குக்கு.”

“அப்ப நிறமும் அங்கதான் முடியணும்.”

அவர் தலையை ஆட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. சுவரின் நடுவில் முடியும் நிறம் பாதியில் விட்டதுபோல் தெரியாமல் இருக்க வேண்டுமானால், அந்தக் கோடு கத்தியால் வெட்டியதுபோல் இருக்க வேண்டும். மூலையில் கை நடுங்கினால் யாருக்கும் தெரியாது. வெட்டவெளியில் நூல் அளவு பிசகினாலும் தெரியும்.

அதற்கு இப்படிச் செய்தோம். எட்டடிக் குறியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு மேலிருந்து கீழ்வரை நிலைக்கோட்டை எடுத்தோம். சுவரின் மூலையிலிருந்து மேலேயும் கீழேயும் தனித்தனியாக அளக்கக்கூடாது. எந்த வீட்டு மூலையும் நேராக இருக்காது, அங்கே இருந்த கோணலைக் கோடும் வாங்கிக்கொள்ளும். நிலைக்கோடு மேல்தளத்தைத் தொட்ட புள்ளியிலிருந்துதான் மேல்தளக் கோடு தொடங்க வேண்டும். கலர்ப்பொடி தடவிய நூலை இருவர் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் நேர்க்கோடு விழும். இந்த இரண்டு கோடும் சேரும் புள்ளியில் கால் அங்குலம் விலகினால்கூடக் கட்டிலில் படுத்தவுடன் கண் அங்கேயே போய் நிற்கும். எல்லாக் கோட்டையும் விட அந்த ஒரு புள்ளிக்கு நேரம் ஒதுக்குங்கள்.

பிறகு மாஸ்கிங் டேப், கோட்டுக்கு வெளிப்பக்கமாக. டேப்பை நன்றாக அழுத்திவிட்டு நேரே நீலத்தை அடித்துவிடாதீர்கள். முதலில் டேப்பின் விளிம்பில் பழைய வெண்மையையே மெல்லிதாக ஒரு கை தடவ வேண்டும். டேப்புக்கு அடியில் கசியப்போவது எதுவோ அது வெள்ளையாகவே கசிந்து, ஓட்டையை அடைத்துவிடும். அது காய்ந்தபின் நீலம். கடைசிக் கோட்டு முழுதாகக் காய்வதற்குமுன், டேப்பைத் தன்மேலேயே மடித்துச் சாய்வாக, மெதுவாக உரிக்க வேண்டும். மறுநாள் காலை உரித்துக்கொள்ளலாம் என்று விட்டால் பெயின்ட் படலம் டேப்போடு சேர்ந்து பிய்ந்து வரும். எங்கள் பெயின்டர் உரித்து முடித்து இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். “பரவால்ல மேடம், கட்டிலுக்கு ரூம் கட்டின மாதிரி இருக்கு” என்றார்.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாசலில் நின்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒவ்வோர் இடத்திலும் அந்த வேலையைச் செய்யும் நிலையில் இருந்து பாருங்கள். கட்டிலில் படுத்து, காவி கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். எங்கள் அறையில் படவில்லை, மேசையும் நாற்காலியும் அதை மறைத்தன. சோபாவில் உட்கார்ந்து, நீலம் பார்வையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் படுக்கையறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்போது செய்ய வேண்டியது சோபாவை நகர்த்துவதுதான், சுவரைத் தொட வேண்டாம்.

ஆறு மாதம் கழித்துக் கெடுவது சுவரால் அல்ல, துணியால். காவிப் பக்கம் நீலத் துண்டு, நீலத்துக்குள் சிவப்புப் பூப்போட்ட போர்வை, சோபாவில் காவி மெத்தை உறை என்று ஒன்றின் நிறம் இன்னொன்றின் எல்லைக்குள் குடிபோனால் கண் குழம்பிவிடும். அந்த வீட்டில் நாங்கள் வைத்த விதி ஒன்றுதான்: கட்டில் விரிப்பு நீலம், சாம்பல், வெள்ளை தவிர வேறெதுவும் இல்லை. மற்ற இடங்களில் அவர்கள் இஷ்டம்.

முன்பு சொல்லாமல் விட்டதற்கு வருகிறேன். நிறம் மணத்தைத் தடுக்காது. மீன் வறுத்தால் தலையணை வரை வரும். சத்தத்தைத் தடுக்காது. ஒருவர் தூங்க, மற்றவர் விளக்கு போட்டு வேலை பார்த்தால் அந்த வெளிச்சத்தையும் தடுக்காது. இருவரும் ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் எழுகிறவர்கள் என்றால் நான் சொன்ன முறை போதும். ஒருவருக்கு இரவு ஷிப்ட், அல்லது கைக்குழந்தை, அல்லது ஊரிலிருந்து மாமனார் வந்து பத்து நாள் தங்குவார் என்றால், மேல்தளத்தில் அந்த நீலச் செவ்வகத்தின் விளிம்போடு ஒரு திரைக்கம்பி போட்டுவிடுங்கள். ஷ்ரோடர் வீட்டில் இரவில் தடுப்பை இழுத்துக்கொண்டார்கள் என்றேன் அல்லவா, அதே தேவைதான். திரை எங்கே விழ வேண்டும் என்பதை நிறம் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கிறது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் கேட்கப்போகும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் அனுமதித்தால், மேல்தளத்தை விட்டுவிட்டுச் சுவரில் மட்டும் அடியுங்கள். போகும்போது நீலத்தை வெள்ளையாக்குவது ஒரே கோட்டில் நடக்காது. உப்புத்தாள் போட்டு, ஒரு கோட்டு பிரைமர், அதன்மேல் இரண்டு கோட்டு வெள்ளை. மேல்தளம் என்றால் சாரமும் கூலியும் சேரும். இந்தச் செலவு யாருடையது என்று வாய்வார்த்தையாகப் பேசாமல் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அட்வான்ஸில் பிடிப்பார்கள். அனுமதிக்கவே மாட்டார் என்றால், பதினைந்தடி அகலத்துக்குக் கைத்தறித் துணி எடுத்து நீலச் சாயமேற்றி, மேலிருந்து தரைவரை இரண்டு சுவரிலும் மூலையைச் சுற்றித் தொங்கவிடலாம். துணியில் தூசி சேரும், மாதம் ஒருமுறை தட்ட வேண்டும், பால்கனி வெயில் படும் பக்கம் வருடத்தில் வெளுத்துவிடும். ஆகவே ஒரு துண்டு அதிகமாகச் சாயமேற்றி வைத்துக்கொள்ளுங்கள்.